டியூஷன் சென்டரின் மே மாதக் காலண்டர்

மே மாதம் பாதி தாண்டினால் தமிழ்நாட்டின் எந்த ஊர்ப் பேருந்து நிறுத்தத்திலும் பிளெக்ஸ் முளைத்துவிடும். மேலே சென்டரின் பெயர், நடுவே '100% தேர்ச்சி', சுற்றிலும் பாஸ்போர்ட் அளவு முகங்கள், கீழே 'அட்மிஷன் நடைபெறுகிறது'. அதே படம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் பேஸ்புக்கிலும் ஒரு வாரம் ஓடும். பிறகு அடுத்த ஆண்டு மே வரை அந்தப் பக்கங்களில் தீபாவளி வாழ்த்து, பொங்கல் வாழ்த்து, 'நாளை விடுமுறை' தவிர வேறொன்றும் இருக்காது.

பெரிய பயிற்சி நிறுவனங்களுக்கு விளம்பரப் பிரிவு உண்டு. மாடியில் இரண்டு அறை போட்டு 45 பிள்ளைகளுக்குக் கணக்கும் அறிவியலும் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியருக்கு இருப்பது ஒரு கைபேசியும் இரவு ஒன்பதரைக்கு மேல் கிடைக்கும் அரை மணி நேரமும்தான். எதை என்று போடுவது என்பதை மாதத் தொடக்கத்திலேயே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் அந்த அரை மணி நேரமே போதும். அந்தத் தாளை எப்படித் தயாரிப்பது என்று பார்ப்போம். எடுத்துக்காட்டுக்கு 2025 மே. மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்புக்கு 12 பேர், பிளஸ் டூவுக்கு 8 பேர், மற்றவர்கள் ஒன்பதிலும் பிளஸ் ஒன்னிலும் படிக்கும் சென்டர் என்று வைத்துக்கொள்வோம்.

மே மாதத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. ஒரே மாதத்தில் தேர்வு முடிவும் வரும், புதுச் சேர்க்கையும் நடக்கும், அடுத்த வகுப்புக்கான அடித்தளமும் போட வேண்டியிருக்கும். படிப்புக் குறிப்பு, தேர்வு முடிவு, அறிவிப்பு ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வந்து நிற்கும் மாதம் இது. முன்கூட்டி எழுதி வைக்காவிட்டால் முடிவு மற்ற இரண்டையும் விழுங்கிவிடும்.

முதல் சிக்கல் தேதி. 2025-இல் பிளஸ் டூ முடிவு மே 9 என்று சொல்லியிருந்தார்கள், மே 8-ஆம் தேதியே வந்துவிட்டது. பத்தாம் வகுப்பு மே 19 என்றார்கள், மே 16-இலேயே வெளியிட்டுவிட்டார்கள். ஆகவே தாளில் '19-ஆம் தேதி, ரிசல்ட் போஸ்டர்' என்று எழுதினால் கதை கந்தல். 'முடிவு நாள்', 'முடிவிலிருந்து இரண்டாம் நாள்' என்றுதான் எழுத வேண்டும். அவற்றை மட்டும் தனித்தனித் துண்டுச் சீட்டில் எழுதி ஒட்டி வைத்தால், தேதி நகரும்போது சீட்டையும் நகர்த்திக்கொள்ளலாம். கைபேசியில் கூகுள் ஷீட் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் எளிது. கட்டங்கள் ஐந்து போதும்: தேதி, யாருக்கு, என்ன விஷயம், எங்கே போடுவது, தயாரா இல்லையா. 'யாருக்கு' என்ற கட்டத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். படிப்புக் குறிப்பு மாணவனுக்கு, அறிவிப்பு பெற்றோருக்கு, முடிவு இன்னும் சேராத பிள்ளையின் வீட்டாருக்கு. மூவரும் ஒரே குரூப்பில் இருந்தால் மூவருமே பார்ப்பதை நிறுத்திவிடுவார்கள்.

நான் போட்ட கணக்கில் 31 நாளுக்கு 21 பதிவுகள். அதில் படிப்புக் குறிப்பு 12, அறிவிப்பு 6, முடிவு 3. மீதிப் பத்து நாள் வெறுமையாகவே இருக்கட்டும். வெற்று நாளில் 'இனிய காலை வணக்கம்' ரோஜாப்பூ போட்டு நிரப்புகிறவர்கள், அடுத்த நாள் போடும் அறிவிப்பைத் தாங்களே புதைக்கிறார்கள்.

படிப்புக் குறிப்பிலிருந்து தொடங்குவோம். 'அதிகாலையில் எழுந்து படியுங்கள்', 'கைபேசியைத் தள்ளி வையுங்கள்' என்பதெல்லாம் குறிப்பு அல்ல. அதைச் சொல்ல டியூஷன் வாத்தியார் வேண்டியதில்லை, வீட்டில் அம்மாவே நாளுக்கு நாலு தரம் சொல்கிறார். இந்த ஆசிரியர் மட்டுமே சொல்லக்கூடியது எது என்று பார்த்தால், அது திருத்திய விடைத்தாள்களில் இருக்கிறது. எந்தப் பிள்ளை எங்கே சறுக்குகிறது என்பது வேறு யாருக்கும் தெரியாத சரக்கு.

மே மாதத்தில் பொதுத்தேர்வுக்கான குறிப்பு யாருக்கும் வேண்டாம். ஒன்பது முடித்துப் பத்துக்குப் போகிறவனுக்கு வேண்டியது, பழைய ஓட்டைகளை அடைப்பது. கணக்கில் அந்த ஓட்டைகள் பெரும்பாலும் மூன்று இடங்களில்தான்: குறை எண்களின் குறி, பின்னங்கள், காரணிப்படுத்துதல். மூன்றுக்கும் நான்கு நான்கு பதிவு என்றால் பன்னிரண்டு வந்துவிட்டது. ஒன்றை மட்டும் முழுதாகக் காட்டுகிறேன்.

மே 5, திங்கள். காலை ஏழரைக்கு ஸ்டேட்டஸில் ஒரு படம். கோடு போட்ட நோட்டுத் தாளில் கையால் எழுதியது:

−3(x − 2) = −3x − 6

கீழே 'இதில் ஒரு தப்பு இருக்கிறது. எங்கே? மாலை ஆறு மணிக்குள் பதில் அனுப்பவும்' என்று ஒரே வரி. மாலை ஏழு மணிக்கு இரண்டாவது படம். அதே தாளில் கடைசி 6-க்கு முன்னால் உள்ள குறியைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, பக்கத்தில் 'வெளியே உள்ள −3 உள்ளே இருக்கும் −2-ஐயும் பெருக்குகிறது. −3 × −2 = +6. ஆகவே விடை −3x + 6' என்று எழுதியிருக்கும். அவ்வளவுதான். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் 24 மணி நேரம்தான் நிற்கும் என்பதால், காலையில் கேள்வி, மாலையில் விடை என்ற ஏற்பாடு அதற்குப் பொருத்தம்.

கையெழுத்தில் இருப்பது முக்கியம். கணினியில் அழகாக அச்சடித்த கணக்கைப் பிள்ளைகள் பாடப்புத்தகம் என்று நினைத்துத் தள்ளிவிடுவார்கள். நோட்டில் எழுதிய தப்பைப் பார்த்தால், தானும் இப்படித்தானே எழுதுவோம் என்று ஒரு கணம் நிற்பார்கள். ஒரு எச்சரிக்கை: உண்மையான மாணவனின் தாளைப் படம் எடுத்துப் போடக் கூடாது. கையெழுத்தை வைத்தே 'இது அவன்டா' என்று பிள்ளைகள் கண்டுபிடித்துவிடும். அந்தத் தப்பை ஆசிரியரே புதிதாக எழுதிப் படம் எடுக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்தால் பன்னிரண்டு தாளையும் எழுதி, விடையோடு படம் பிடித்து ஒரு ஆல்பத்தில் போட்டு வைத்துவிடலாம். மாதத்தின் பெரிய வேலை அத்தோடு முடிந்தது.

முதல் வாரத்தில் முடிவைப் பற்றி எதுவும் இல்லை, ஆனால் அதற்கான ஏற்பாடு உண்டு. மே 3-ஆம் தேதி விடுமுறைக்கால வகுப்பு நேரம். மே 7-ஆம் தேதி மாலை பிளஸ் டூ பிள்ளைகளுக்கு: 'நாளை காலை 9 மணிக்கு முடிவு. பதிவு எண்ணும் பிறந்த தேதியும் கையில் இருக்கட்டும். இணையதளம் tnresults.nic.in. திறக்காவிட்டால் பதற வேண்டாம், டிஜிலாக்கரிலும் பார்க்கலாம்.' மே 4 ஞாயிறு நீட் தேர்வு நாள். சென்டரில் நீட் எழுதுகிறவர் இல்லையென்றால் 'ஆல் தி பெஸ்ட்' போஸ்டருக்கு அங்கே வேலை இல்லை.

முடிவு நாளுக்கு வருவோம். அன்று காலை ஒன்பது மணியிலிருந்து மாலைவரை சென்டரின் பக்கத்தில் ஒன்றுமே வரக் கூடாது என்பது என் கட்சி. பக்கத்துத் தெரு சென்டர் ஒன்பதேகாலுக்கே பட்டாசு வெடிக்கும், வெடிக்கட்டும். பத்தாம் வகுப்பில் நம் 12 பேரில் ஒரு பையன் அறிவியலில் தவறிவிட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் கையிலும் கைபேசி இருக்கிறது, அவன் அம்மா குரூப்பில் இருக்கிறார். பத்து மணிக்கு 'எங்கள் சாதனை மாணவர்கள்' என்று ஒரு படம் வந்தால், அந்தப் பன்னிரண்டாவது முகம் எங்கே என்று முதலில் தேடுவது அந்த வீடுதான். ஆகவே முதல் வேலை, 12 பேருக்கும் போன். அவனுக்கு முதலில். 'டேய், ஜூலையில மறுபடியும் எழுதலாம்டா. பதினோராம் வகுப்பை இந்த வருஷமே சேர்ந்துடலாம். நாளைக்கு அப்பாவைக் கூட்டிட்டு வா' என்று சொல்லி முடித்த பிறகுதான் மற்றவை.

அன்று மாலை போட வேண்டியது ஓர் அறிவிப்பு. துணைத் தேர்வுக்கு எப்போது, யார் மூலம் விண்ணப்பிப்பது என்பது. பள்ளியில் படித்தவர்கள் அந்தப் பள்ளி வழியாகவே விண்ணப்பிக்க வேண்டும், கால அவகாசம் சில நாட்கள்தான். 2025-இல் பிளஸ் டூ துணைத் தேர்வு ஜூன் கடைசியிலும் பத்தாம் வகுப்புக்கு ஜூலைத் தொடக்கத்திலும் நடந்தன. பிளஸ் டூவில் மதிப்பெண் குறைந்துவிட்டது என்று நினைப்பவர்களுக்கு இன்னொரு வரி: முதலில் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்க வேண்டும், நகல் பெற்றவர்கள்தான் மறுமதிப்பீடு கேட்க முடியும். இந்த வரிசை தெரியாமல் நாளைத் தவறவிட்டவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். மூன்றாவது வரி, பொறியியல் கலந்தாய்வுக்கான இணையப் பதிவு மே 7-ஆம் தேதியே தொடங்கிவிட்டது என்பது. ஊரெல்லாம் முகங்களைப் போட்டுக்கொண்டிருக்கும் அன்று மாலை இந்த மூன்று வரியைப் போடுகிற சென்டரின் பதிவைத்தான் பெற்றோர் வேறு குரூப்புகளுக்கு அனுப்புவார்கள். ஒரு பைசா விளம்பரச் செலவு இல்லாமல்.

முடிவிலிருந்து இரண்டாம் நாள் முடிவுப் பதிவு. அதில் எதைப் போடுவது?

'100% தேர்ச்சி'யைப் பற்றி ஒரு கணக்கு சொல்ல வேண்டும். 2025 பத்தாம் வகுப்புத் தேர்வில் மாநிலத் தேர்ச்சி 93.80 சதவீதம். அதாவது நூற்றுக்கு ஏறக்குறைய 94 பேர் எப்படியும் தேறுகிறார்கள். சராசரியான 12 பிள்ளைகளை எங்கிருந்தாவது பொறுக்கி உட்கார வைத்தால், 12 பேரும் தேறுவதற்கான வாய்ப்பு 0.938-ஐப் பன்னிரண்டு முறை பெருக்கினால் வருவது: சுமார் 0.46. காசு சுண்டிப் பூ விழுவதற்குச் சற்றுக் குறைவு. சிறிய சென்டர் என்பதாலேயே அதன் நூறு சதவீதத்தில் பாதிக்குப் பாதி அதிர்ஷ்டம் இருக்கிறது. அதே போல ஒருவன் தவறியதால் 92 சதவீதமாகிவிட்டதே என்று கூனிக் குறுகவும் வேண்டியதில்லை.

'மாவட்ட முதலிடம்' வகையறாவும் அப்படித்தான். 2017-இலேயே மாநில, மாவட்ட அளவில் முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழ்நாடு அரசு கைவிட்டுவிட்டது. துறையே சொல்லாத இடத்தை பிளெக்ஸ் சொல்கிறது. எங்கிருந்து எடுத்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

பதிலாக நான் சொல்வது, பிள்ளை எங்கே நின்றான், எங்கே வந்தான் என்ற கணக்கு. நம் 12 பேரின் கணக்குப் பாட மதிப்பெண்ணை எடுத்துக்கொள்வோம். அரையாண்டுத் தேர்வில் 35-க்குக் கீழே இருந்தவர்கள் 5 பேர். பொதுத்தேர்வில் அந்த ஐவரும் கணக்கில் தேறிவிட்டார்கள். மதிப்பெண் ஏறியவர்கள் 9 பேர், ஏறக்குறைய அப்படியே நின்றவர்கள் 2 பேர், இறங்கியவர் ஒருவர். மே 18-ஆம் தேதிப் பதிவு இப்படி இருக்கலாம்:

'பத்தாம் வகுப்புக் கணக்கு, 12 மாணவர்கள். அரையாண்டைவிட உயர்ந்தவர்கள் 9, மாறாதவர்கள் 2, குறைந்தவர் 1. அரையாண்டில் தவறிய 5 பேரும் இப்போது தேர்ச்சி. ஒரு மாணவர் அறிவியலில் துணைத் தேர்வு எழுதுகிறார். அவருக்கு ஜூன் முழுதும் தனி வகுப்பு, கட்டணம் இல்லை.'

பெயர் இல்லை, முகம் இல்லை. இதைப் படிக்கிற தகப்பனுக்கு, தன் மகன் 30 எடுக்கிறவன் என்றால், 98 எடுத்த பிள்ளையின் படத்தைவிட இது நூறு மடங்கு பேசும். 98 எடுத்தவன் எங்கே படித்திருந்தாலும் 98 எடுத்திருப்பான் என்பது அவருக்கும் தெரியும். இந்தக் கணக்குக்கும் ஒரு வரம்பு உண்டு. அரையாண்டுத் தாளைச் சில பள்ளிகளில் வேண்டுமென்றே இறுக்கித் திருத்துவார்கள், அதனால் எல்லாருக்குமே கொஞ்சம் ஏற்றம் தெரியும். ஆகவே ஏற்றத்தைத் தங்கள் திறமை என்று முழங்காமல் எண்ணை மட்டும் வைத்துவிட்டு நகர்வது மரியாதை. இறங்கிய அந்த ஒருவரை விடாமல் எழுதுவதும் அவசியம், அது இருப்பதால்தான் மற்ற எண்களை நம்புவார்கள். ஆனால் தனி வகுப்பு பற்றிய வரியை அந்தப் பையனிடம் கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும். 12 பேரில் ஒருவர் என்றால் பெயர் போடாமலே ஊருக்குத் தெரிந்துவிடும்.

முகம் போட்டே ஆக வேண்டும் என்று நினைப்பவர்களுக்குச் சட்டமும் சில விஷயம் சொல்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் பயிற்சி மையங்களின் தவறான விளம்பரங்களுக்கு எதிராக வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. தேறிய மாணவரின் பெயரையோ படத்தையோ பயன்படுத்த அவரது எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும். அதையும் முடிவு வந்த பிறகுதான் வாங்க வேண்டும், சேர்க்கும்போதே படிவத்தில் கையெழுத்து வாங்கி வைப்பது செல்லாது. எந்தப் பயிற்சியில், எவ்வளவு காலம் படித்தார் என்பதையும் படத்தோடு சொல்ல வேண்டும். ஐம்பது மாணவர்களுக்கு மேல் உள்ள மையங்களைத்தான் அந்த நெறிகள் மையம் என்று கணக்கிடுகின்றன. நம் 45 பேர் சென்டர் அதற்குள் வராமல் தப்பலாம். ஆனாலும் கடைசி மூன்று மாதம் மட்டும் வந்தவனை 'எங்கள் தயாரிப்பு' என்று போடாமலிருக்க அந்த விதி நல்ல கடிவாளம். பத்தாம் வகுப்புப் பிள்ளை பதினெட்டு வயது ஆகாதவர், சம்மதம் பெற்றோருடையதாக இருக்க வேண்டும். மே 27-ஆம் தேதிக்கு நான் வைத்திருக்கும் மூன்றாவது முடிவுப் பதிவு அப்படிச் சம்மதம் தந்த ஒரே ஒருவரின் கதை. கணக்கில் 28-இலிருந்து 61-க்கு வந்த பெண், தான் எந்தெந்தப் பாடத்தை எந்த வரிசையில் படித்தாள் என்பதைத் தன் சொல்லிலேயே நான்கு வரியில் சொன்னால் போதும். அது முடிவும் ஆயிற்று, படிப்புக் குறிப்பும் ஆயிற்று.

அறிவிப்புகளில் பிழைக்கு இடம் அதிகம். ஓர் அறிவிப்பில் ஒரு விஷயம். 'ஜூன் 2-ஆம் தேதி, திங்கள்கிழமை, பத்தாம் வகுப்பு மாலை 5.30 முதல் 7.00 வரை. ஒன்பதாம் வகுப்பு 7.00 முதல் 8.15 வரை. முதல் நாள் கணக்கு நோட்டும் ஜியாமெட்ரி பாக்ஸும் கொண்டுவரவும்.' தேதியோடு கிழமையும் வேண்டும். இரண்டும் பொருந்தவில்லை என்றால் யாராவது உடனே போன் செய்து சொல்லிவிடுவார்கள், தேதி மட்டும் இருந்தால் பிழை அப்படியே போய்விடும். எழுத்தாக அனுப்ப வேண்டும், படமாக மட்டும் அல்ல. படத்தில் உள்ள தேதியைப் பிறகு வாட்ஸ்அப்பில் தேடினால் கிடைக்காது. கட்டணப் பாக்கி எந்தக் காரணத்துக்காகவும் குரூப்பில் வரக் கூடாது, அது வீட்டுக்கு வீடு தனியாகப் பேச வேண்டிய விஷயம்.

'போட்டீங்களாமே சார், எனக்கு வரவே இல்லையே' என்ற பேச்சுக்கு ஒரு காரணம் உண்டு. பலரும் பிராட்காஸ்ட் லிஸ்ட் மூலம் அனுப்புகிறார்கள். ஒரு பட்டியலில் 256 பேரைச் சேர்க்கலாம், 45 வீட்டுக்குத் தாராளம். ஆனால் சென்டரின் எண்ணைத் தங்கள் கைபேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். ஸ்டேட்டஸுக்கும் அதே கதைதான். ஆகவே சேர்க்கை நாளில், கட்டணம் வாங்குவதற்கு முன்பே, பெற்றோர் கைபேசியில் எண்ணைச் சேமிக்க வைத்து ஒரு சோதனைச் செய்தி அனுப்பிப் பார்த்துவிட வேண்டும். அறிவிப்புக்கென்று தனிக் குரூப் வைத்தால், அட்மின் மட்டும் செய்தி போடும்படி மாற்றி வைப்பது நல்லது. இல்லாவிட்டால் ஜூன் 2 வகுப்பு நேரத்துக்கு மேலே முப்பது 'ஓகே சார்' உட்கார்ந்திருக்கும்.

சேர்க்கை அறிவிப்பு மே 23-ஆம் தேதி, ஒரே ஒரு முறை. எத்தனை இடம் காலி என்பதை உள்ளபடி எழுதினால் போதும். 'பத்தாம் வகுப்பில் 7 இடம்' என்றால் ஏழுதான். 'சில இடங்களே உள்ளன, முந்துங்கள்' என்று மூன்று வாரம் ஓட்டினால், அந்தச் சில இடம் ஏன் இன்னும் நிரம்பவில்லை என்ற கேள்விதான் மிஞ்சும்.

இதெல்லாம் பயன் தருகிறதா என்று எப்படித் தெரியும்? ஸ்டேட்டஸை எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண் பெரிதாகச் சொல்லாது, பாதிப் பேர் விரலால் தள்ளிக்கொண்டே போனவர்கள். மூன்று இடங்களைப் பார்க்கலாம். தப்புக் கணக்குக்குப் பதில் அனுப்பிய பிள்ளைகள் எத்தனை, அதில் தவறான பதில் எத்தனை. எல்லாரும் சரியாகச் சொன்னால் கணக்கு எளிது, அடுத்த வாரம் கடினமாக்க வேண்டும். அறிவிப்பு போட்ட பிறகும் 'எத்தனை மணிக்கு சார்' என்று வந்த போன்கள் எத்தனை. ஐந்துக்கு மேல் வந்தால் அறிவிப்பை எழுதிய விதத்தில் கோளாறு. மூன்றாவது, சேர்க்கைப் பதிவேட்டில் ஒரு கூடுதல் கட்டம்: 'எதைப் பார்த்து வந்தீர்கள்?' கேட்டு, அவர்கள் சொன்ன சொல்லையே எழுத வேண்டும். பாதிக்கு மேல் 'பக்கத்து வீட்டு அக்கா சொன்னாங்க' என்றுதான் வரும், அதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை. அந்த அக்காவுக்கு எதைக் காட்டிச் சொன்னார்கள் என்று இன்னும் ஒரு கேள்வி கேட்டால், துணைத் தேர்வு அறிவிப்பா, சிவப்பு வட்டமா, 12 பேர் கணக்கா என்பது வெளியே வரும்.

ஜூனில் இவ்வளவு தேவைப்படாது. பள்ளி திறந்துவிடும், முடிவுப் பதிவு எதுவும் இல்லை, வாரத்துக்கு இரண்டு தப்புக் கணக்கும் ஓர் அறிவிப்பும் போதும். துணைத் தேர்வு எழுதுகிறவருக்கான குறிப்புகளை மட்டும் ஸ்டேட்டஸில் போடாமல் அவருக்கே தனியாக அனுப்பிவிடலாம்.